ஆர்டர் எங்கே தேங்குகிறது? ஒரு சின்னக் கடைக்கு மூன்று டேஷ்போர்டுகள்

மார்த்தாண்டத்தில் தேனும் நேந்திரங்காய் சிப்ஸும் ஆன்லைனில் விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். WooCommerce என்ற கடை மென்பொருளில் ஓடுகிறது. சாதாரண நாளில் 30 ஆர்டர், ஓணம் நெருங்கினால் இன்னும் கூடும். தமிழ்நாட்டு ஆர்டர்கள் ஒரு கூரியரில் போகின்றன. களியக்காவிளை எல்லை தாண்டித் திருவனந்தபுரம் பக்கம் போகும், 695-ல் தொடங்கும் பின்கோடு பார்சல்களுக்கு வேறு கூரியர். கடையை நடத்தும் அக்காவும் பேக்கிங்குக்கு இரண்டு பேரும் மட்டும்தான். தினம் காலை 9 மணிக்கு அவர் எதைப் பார்த்தால் கடை ஒழுங்காக ஓடுகிறதா என்று தெரியும்?

அவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: கடை மென்பொருளோடு வரும் டேஷ்போர்டு, Looker Studio-வில் கட்டும் வரைபடப் பலகை, ஒரு கூகுள் ஷீட்டும் அதிலிருந்து காலையில் வரும் மெயிலும். மூன்றையும் ஒரே செவ்வாய்க்கிழமையில் வைத்துப் பார்ப்போம்.

சனிக்கிழமை நண்பகலில் திருவனந்தபுரத்துக்கான 7 பார்சலுக்கு லேபிள் ஒட்டி ஒரு சாக்கில் கட்டி வைக்கிறார்கள். "அக்கா, லேபிள் எல்லாம் ஒட்டியாச்சு" என்று பேக்கிங் பையன் சொல்லிவிடுகிறான். அன்று மாலை 4 மணிக்கு வர வேண்டிய கூரியர் வண்டி வரவில்லை. ஞாயிறு விடுமுறை. திங்கள் வந்த ஆள் வாசலில் இருந்த புதுச் சாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். பழைய சாக்கு உள்ளே சிப்ஸ் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் கிடக்கிறது.

செவ்வாய் காலை முதல் டேஷ்போர்டு என்ன காட்டும்? நேற்றைய ஆர்டர் 46, விற்பனை ஏறுமுகம், `Processing` நிலையில் 38. எல்லாம் நன்றாகவே தெரியும். அந்த 7 ஆர்டரும் இந்த 38-க்குள் இல்லை. லேபிள் அச்சானதும் ஷிப்பிங் பிளக்இன் அவற்றை `Completed` என்று மாற்றிவிட்டது. பல கடைகளில் அமைப்பு இப்படித்தான் இருக்கிறது. லேபிள் ஒட்டியது கடைக்காரர் செய்த வேலை. பார்சல் கிளம்பியதற்குச் சாட்சி கூரியரின் முதல் ஸ்கேன் மட்டுமே. கடை மென்பொருளுக்கு அந்த ஸ்கேன் தெரியாது.

தவிர, 38 என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. 38-ம் நேற்று மாலை வந்தவை என்றால் கவலையில்லை. அதில் 5 போன வாரத்தவை என்றால் விஷயமே வேறு. எத்தனை ஆர்டர் நிற்கிறது என்பதைவிட எவ்வளவு நேரமாக நிற்கிறது என்பதுதான் முக்கியம். விற்பனையைப் பார்க்க முதல் டேஷ்போர்டு போதும், அதற்குக் குறை சொல்ல மாட்டேன். ஆர்டர் நகர்கிறதா என்று பார்க்க அது உதவாது.

Looker Studio பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதற்குத் தரவு வேறு எங்கிருந்தாவது வர வேண்டும், சின்னக் கடையில் அது பெரும்பாலும் ஒரு ஷீட்தான். ஆக, ஷீட்டில் முதல் ஸ்கேன் நேரம் இல்லையென்றால் வரைபடத்திலும் இருக்காது. இன்னொன்று, அதை நாமே திறந்து பார்க்க வேண்டும். ஓணம் நெருக்கடியில், பேக்கிங் மேசையில் நிற்பவர் அதைத் திறக்க மாட்டார். இரண்டு மூன்று கடைகளை ஒன்றாகப் பார்க்க வேண்டியவருக்கு அது சரி. இந்த அக்காவுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

அப்புறம் ஷீட். ஒரு ஆர்டருக்கு ஒரு வரிசை, ஏழே பத்திகள்: A ஆர்டர் எண், B பணம் வந்த நேரம் (சி.ஓ.டி. என்றால் ஆர்டர் வந்த நேரம்), C லேபிள் நேரம், D கூரியரின் முதல் ஸ்கேன், E ரத்தானால் ஒரு குறி, F பார்சலைத் தடம் பார்க்கும் ஏ.டபிள்யூ.பி. எண், G பின்கோடு. D-ஐ நிரப்புவதுதான் கொஞ்சம் வேலை. தினம் மாலை கூரியர் தளத்திலிருந்து CSV இறக்கி, ஏ.டபிள்யூ.பி. எண்ணை வைத்து ஒட்ட வேண்டும்.

ஷீட்டின் மேலே முதலில் இரண்டு எண்கள் வேண்டும். முதலாவது, 24 மணி நேரம் தாண்டியும் ஸ்கேன் ஆகாதவை. ஞாயிறு பிக்கப் இல்லாததால் திங்களன்று மட்டும் 48 மணி நேரம். இல்லாவிட்டால் ஒவ்வொரு திங்களும் பொய் எச்சரிக்கை வரும், மூன்றாம் வாரம் யாரும் அதை மதிக்க மாட்டார்கள்.

```
=COUNTIFS(B2:B,"<"&NOW()-IF(WEEKDAY(TODAY())=2,2,1),D2:D,"",E2:E,"")
```

இரண்டாவது, நிற்பவற்றில் மிகப் பழையது எத்தனை மணி நேரமாக நிற்கிறது என்பது:

```
=IFERROR((NOW()-MIN(FILTER(B2:B,B2:B<>"",D2:D="",E2:E="")))*24,0)
```

நமது செவ்வாய்க்கிழமையில் முதல் எண் 7, இரண்டாவது 71. அந்த 7 வரிசையை வடிகட்டிப் பார்த்தால் எல்லாமே 695, எல்லாவற்றுக்கும் C நிரம்பியிருக்கிறது, D காலி. பேக்கிங்கில் பிரச்சினை இல்லை, ஒரு கூரியரின் பிக்கப்தான் தவறியிருக்கிறது என்பது ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். C-யும் காலி என்றால் சரக்கு தீர்ந்ததா, பேக்கிங்கில் ஆள் இல்லையா என்று கேட்க வேண்டும்.

நேர மண்டலத்தில் கவனம் வேண்டும். WooCommerce-லிருந்து `date_paid_gmt` எடுத்து அப்படியே ஒட்டினால் ஒவ்வொரு ஆர்டரும் ஐந்தரை மணி நேரம் கூடுதலாக நிற்பது போலத் தெரியும். `date_paid` எடுங்கள். கடை அமைப்பிலும் ஷீட் அமைப்பிலும் இந்திய நேரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவதாக ஒரு எண் உண்டு, அதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். நேற்று பேமென்ட் கேட்வேயில் பணம் வந்த எண்ணிக்கையிலிருந்து, கடையில் பணம் வந்ததாகப் பதிவான ஆன்லைன் ஆர்டர்களைக் கழியுங்கள். பூஜ்யம் வர வேண்டும். பணம் வந்துவிட்டது என்று கேட்வே தானாக அனுப்பும் செய்தியான வெப்ஹுக் கடைக்கு வந்து சேராவிட்டால், வாடிக்கையாளர் பணம் கட்டியிருப்பார், கடையிலோ அது `Pending payment` என்றே நிற்கும். WooCommerce-ல் சரக்கை நிறுத்திவைக்கும் `Hold stock (minutes)` இயல்பாக 60. சரக்குக் கணக்கு வைக்கும் கடையில் அந்த நேரம் தாண்டினால் ஆர்டர் தானாக ரத்தாகும். பணம் கேட்வேயில் இருக்கும், பேக்கிங் மேசைக்கு ஆர்டரே வராது. ஷீட்டில் அந்த வரிசையே இருக்காது என்பதால் முதல் இரண்டு எண்களும் இதைக் காட்டாது. வாடிக்கையாளர் கூப்பிட்டுத் திட்டும்போதுதான் தெரியவரும். நள்ளிரவை ஒட்டி வரும் ஆர்டரால் சில நாள் 1 வித்தியாசம் வரலாம். 2, 3 என்றால் உடனே ஆர்டர் எண்களை ஒத்துப் பாருங்கள்.

இந்த மூன்று எண்களையும், ஷீட்டில் கடைசியாகத் தரவு ஒட்டிய நேரத்தையும் கூகுள் ஷீட்டோடு வரும் Apps Script வழியாகக் காலை மெயிலாக அனுப்பச் செய்யலாம். தினசரி ட்ரிகர் சொன்ன நிமிடத்தில் ஓடாது. 8 என்று வைத்தால் 8-க்கும் 9-க்கும் இடையில் எப்போதாவது வரும். எல்லாம் பூஜ்யமாக இருந்தாலும் மெயில் வர வேண்டும். பிரச்சினை இருந்தால் மட்டும் அனுப்பும்படி வைத்தால், ஸ்கிரிப்ட் நின்றுபோன நாளும் நல்ல நாளும் ஒன்றுபோலவே இருக்கும். கடைசித் தரவு நேரம் நேற்று மாலைக்கு முந்தியது என்றால், மற்ற எண்களை அன்று நம்ப வேண்டாம்.

இதற்கும் எல்லை உண்டு. நாளுக்கு 100 ஆர்டர் தாண்டினால் கையால் CSV ஒட்டுவதில் வரிசைகள் விடுபடத் தொடங்கும், அப்போது ஸ்கேன் ஆன பார்சலும் நிற்பதாகக் காட்டும். அந்தக் கட்டத்தில் D பத்தியைக் கூரியரின் ஏ.பி.ஐ. வழியாக நிரப்ப ஒருவரை அமர்த்துவது தகும். செலவு அதற்கு மட்டும்தான். மூன்று எண்களும் காலை மெயிலும் அப்படியே இருக்கட்டும்.