மின்சாரம் திரும்பியதும் எந்தப் படியிலிருந்து? பி.எல்.சி. நிரலில் மூன்று வழிகளின் ஒப்பீடு

திடீரென்று மின்சாரம் போய்த் திரும்பும்போது இயந்திரம் என்ன செய்ய வேண்டும் என்பதை நிரல் எழுதுபவர் முடிவு செய்ய வேண்டும். அவர் முடிவு செய்யாமல் விட்டுவிட்டால், எந்த முகவரியில் எந்த எண்ணை வைத்தார் என்ற தற்செயல் அதை முடிவு செய்துவிடும். பினாங்கில் மாலை இடிமழையின்போது மின்சாரம் ஒரு நொடி போய்த் திரும்புவதைப் பிறை, ஜூரு, புக்கிட் மிஞ்ஞாக் பகுதித் தொழிற்சாலைகளில் பணிபுரியும் நம்மவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அந்த ஒரு நொடிக்குப் பின் நடப்பதைத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு திரவச் சோப்புக் கலவைத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். கட்டுப்படுத்துவது மிட்சுபிஷி FX3U, நிரல்படி இயந்திரத்தை இயக்கும் ஒரு பி.எல்.சி. தொட்டி எடையை அளக்கும் லோட் செல்களின் மேல் நிற்கிறது. கொள்ளளவு ஏறத்தாழ 1000 லிட்டர். படி 20-இல் 600 கிலோ தண்ணீர் நிரம்பும். படி 30-இல் பம்ப் வழியாக 120 கிலோ சோப்புக் கரைசல் சேரும். படி 40-இல் கலக்கும் கருவியான கலக்கி 20 நிமிடம் சுற்றும். படி 50-இல் சரக்கு வெளியேறும். படி 30 தொடங்கும்போது தொட்டியின் எடையை நிரல் குறித்து வைத்துக்கொண்டு, அதற்குமேல் 120 கிலோ ஏறியதும் அடுத்த படிக்குப் போகும். கரைசல் 72 கிலோ மட்டும் சேர்ந்து, தொட்டியின் எடை 672 கிலோவாக இருக்கும் தருணத்தில் மின்சாரம் போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வழி எதையும் நினைவில் வைக்காமல் இருப்பது. FX3U-இல் எண்களை வைக்கும் D0 முதல் D199 வரையிலான பதிவகங்களும், ஆம் அல்லது இல்லை என்பதை மட்டும் வைக்கும் M0 முதல் M499 வரையிலான ரிலேக்களும், தயாரிப்பாளர் தந்த அமைப்பை நாம் மாற்றாத வரை, மின்சாரம் போனால் பூச்சியமாகிவிடும். படி எண்ணை D0-இல் வைத்தால் மின்சாரம் வந்ததும் இயந்திரம் படி 0-இல் அமைதியாக நிற்கும். யாரும் பொத்தானை அழுத்தாமல் எதுவும் சுழலாது என்பது இதன் பெரிய நன்மை. ஆனால் தொட்டிக்குள் 672 கிலோ இருக்கிறது என்பது நிரலுக்குத் தெரியாது. இரவு ஷிப்டில் யாராவது தொடக்கப் பொத்தானை அழுத்தினால் மேலும் 600 கிலோ தண்ணீர் இறங்கித் தொட்டி வழிந்துவிடும். ஆகவே இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர், எடை 5 கிலோவுக்குக் கீழே இருந்தால்தான் தொடங்கலாம் என்ற தடையையும் சேர்த்தே எழுத வேண்டும். தடை இருந்தால் ஆபத்து போய்விடும், ஆனால் பாதிச் சரக்கைக் கொட்டவோ கையால் கணக்குப் போட்டு முடிக்கவோ வேண்டியிருக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தொடக்கத்துக்கு விட்டால் திரும்பிவிடும் பொத்தானுக்குப் பதிலாக, திருப்பி வைத்தால் அப்படியே நிற்கும் சுவிட்சைப் பயன்படுத்தியிருந்தால், நினைவகம் பூச்சியமாக இருந்தாலும் மின்சாரம் வந்த உடனே இயந்திரம் தானாகப் புறப்பட்டுவிடும். கன்வேயர், பெட்டி ஒட்டும் இயந்திரம் போன்றவற்றுக்கு இந்த முதல் வழியே போதும். அங்கே இதைவிடச் சிக்கலாக எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

இரண்டாவது வழி, விட்ட இடத்திலிருந்து தானாகத் தொடர்வது. D200-இலிருந்து D511 வரை பேட்டரியின் துணையால் மதிப்பைக் காக்கும் பகுதி; M500 முதல் M7679 வரையிலான ரிலேக்களும் அப்படியே. படி எண்ணை D0-இலிருந்து D200-க்கு மாற்றினால் போதும், வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். பாதிக்குப் பாதி காக்கப்பட்ட நினைவகம், எதுவும் காக்கப்படாத நினைவகத்தைவிட மோசமானது என்பது இங்கேதான் தெரியும்.

படி எண் D200-இல் இருக்கிறது. படி 30 தொடங்கியபோது குறித்த 600 கிலோ எடை மட்டும் பழையபடி D50-இலேயே இருந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் வருகிறது. D200 = 30, சரி. D50 = 0. சேர்ந்த கரைசல் எவ்வளவு என்று நிரல் கணக்கிடும்போது, 672-இலிருந்து 0-வைக் கழித்து 672 கிலோ என்ற விடை கிடைக்கிறது. அது 120-ஐவிடப் பெரியது என்பதால் படி 30 அந்த நொடியே முடிந்து, 48 கிலோ குறைவான சரக்கோடு கலக்கி சுற்றத் தொடங்குகிறது. எந்த அலாரமும் வராது, ஏனென்றால் நிரலின் பார்வையில் எல்லாம் ஒழுங்காகவே நடந்திருக்கிறது. பராமரிப்பாளருக்கு வரும் தொலைபேசி இப்படித்தான் இருக்கும்: “அண்ணே, ஸ்கிரீன்ல மிக்சிங்னு ஓடிக்கிட்டிருக்கு, ஆனா சரக்கு தண்ணியா இருக்கு.” இந்தக் கோளாற்றை அடையாளம் காண இரண்டு தடயங்கள் உண்டு. படி 40-க்குள் நுழையும்போது எடை 720 ஆக இல்லாமல் 672 ஆக இருக்கும். மின்சாரம் வந்தபின் படி 30 ஓடிய நேரம் ஒரு நொடிகூட இருக்காது. படிகளின் எடையையும் நேரத்தையும் பதிவு செய்யாத நிரலில் இந்த இரண்டுமே கிடைக்காது.

எடையை D201-க்கு மாற்றினால் இந்தக் குறை தீரும். அதற்குப் பிறகும் நேரக் கணக்கு மிஞ்சுகிறது. சாதாரண T0 டைமர் மின்சாரம் போனதும் பூச்சியமாகும், கலக்கல் மறுபடியும் முழு 20 நிமிடம் ஓடும். T250 முதல் T255 வரையுள்ள 100 மில்லிநொடி டைமர்கள் சேர்ந்த நேரத்தைக் காக்கும். ஆனால் அவை தானாகப் பூச்சியமாகாது. படி 40-க்குள் நுழையும்போது பூச்சியமாக்கும் RST கட்டளையைக் கொடுக்க மறந்தால், அடுத்த தொகுதிச் சரக்கு கலக்கப்படாமலேயே வெளியேறிவிடும். எல்லாவற்றையும் சரியாகக் காத்தாலும் அடிப்படைக் குறை நீங்குவதில்லை: தொட்டி மூடியைத் திறந்து உள்ளே என்ன ஆயிற்று என்று ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, மின்சாரம் வந்து கலக்கி சுற்றக்கூடும். மின்சாரம் திரும்பும்போது தானாகத் தொடங்குவது ஆபத்தை உண்டாக்குமானால் அதைத் தடுக்க வேண்டும் என்று இயந்திர மின்பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 60204-1 கேட்கிறது. மூடிக்கான பாதுகாப்பு சுவிட்சைக் கம்பியிலேயே இணைக்க வேண்டும், நிரலை நம்பி விடக்கூடாது. சூளையைக் குளிர்விக்கும் விசிறி போல, நின்றால்தான் கேடு என்ற இடங்களுக்கு மட்டுமே தானாகத் தொடரும் வழி பொருந்தும்.

நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழி. உண்மைகளை நினைவில் வைக்க வேண்டும், ஆனால் இயக்கத்தை நினைவில் வைக்கக்கூடாது. படி எண், குறித்த எடை, சேர்ந்த நேரம் ஆகியவை காக்கப்படும். ஆனால் மின்சாரம் வந்ததும் நிரல் எந்த வெளியீட்டையும் இயக்காத ஒரு காத்திருப்புப் படிக்குப் போய், மனிதரின் முடிவுக்காக நிற்கும். நிரலின் மேற்பகுதியில், படிகளின் தர்க்கம் தொடங்குவதற்கு முன்பே, இந்த வரிகள் இருந்தால் போதும்:

```
LD    M8002
AND<> D200 K900
MOV   D200 D220
LD    M8002
MOV   K900 D200
```

M8002, நிரல் ஓடத் தொடங்கியதும் வரும் முதல் சுற்றான முதல் ஸ்கேனில் மட்டும் இயங்கும் ரிலே. பழைய படி எண் D220-க்குப் போகிறது, நடப்புப் படி 900 ஆகிறது. இரண்டாவது வரிதான் இதில் முக்கியமானது. மின்சாரம் வந்து சில நொடிகளில் மறுபடியும் போவது இடிமழையில் வழக்கம். அந்த வரி இல்லையென்றால் இரண்டாவது தடவை 900 என்ற எண்ணே D220-இன் மேல் எழுதப்பட்டு, உண்மையான படி 30 அழிந்துவிடும். பி.எல்.சி.யின் சுவிட்சை நிறுத்தத்திலிருந்து ஓட்டத்துக்குத் திருப்பினாலும் M8002 இயங்கும்; அப்போதும் காத்திருப்பதே சரி என்பதால் இது தடையில்லை.

ஓட்டத்தின்போது ஒவ்வொரு நொடியும் எடையை D222-லும், D8013 முதல் D8018 வரை இருக்கும் கடிகார மதிப்புகளை அதையடுத்த பதிவகங்களிலும் எழுதி வைத்தால், மின்சாரம் வந்ததும் திரையில் நான்கு செய்திகளைக் காட்டலாம்: நின்ற படி, போனபோது இருந்த எடை, இப்போதைய எடை, இடைவெளி எத்தனை நிமிடம். நம் தொட்டியில் போனபோது 672, இப்போது 674 என்று தெரிந்தால், குழாயில் நின்ற கரைசல் இறங்கியிருக்கிறது என்று பொருள், தொடரலாம். D201-இலிருந்து கணக்கிட்டால் சேர்ந்தது 74, இன்னும் வேண்டியது 46 கிலோ. இப்போதைய எடை 650 என்று காட்டினால் ஒரு வால்வு திறந்தே இருந்திருக்கிறது. ஆகவே வேறுபாடு 5 கிலோவைத் தாண்டினால் ‘தொடர்’ பொத்தானே தோன்றக்கூடாது. எத்தனை நிமிட இடைவெளிக்குப் பிறகு சரக்கைக் கழிக்க வேண்டும் என்பதைத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுதான் சொல்ல வேண்டும், மின்பிரிவு அல்ல. எடை காட்டும் கருவியிலும் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். சில கருவிகளில் மின்சாரம் வந்ததும் தானாகப் பூச்சியம் பிடிக்கும் அமைப்பு உண்டு. அது இயக்கத்தில் இருந்தால், நிறைந்த தொட்டியையே காலி என்று காட்டிவிடக்கூடும்.

சீமென்ஸ் S7-1200-இல் பேட்டரி வேண்டியதில்லை; காக்க வேண்டிய மாறிகளைத் தரவுத் தொகுதியில் ரிடெய்ன் என்று குறித்தால் போதும், மேற்கண்ட வரிகளின் வேலையை, தொடக்கத்தில் ஒரு தடவை மட்டும் ஓடும் OB100-இல் எழுதலாம். தொகுதியின் அமைப்பை மாற்றிப் பதிவிறக்கினால் காத்த மதிப்புகள் தொடக்க மதிப்புக்குத் திரும்பக்கூடும். ஆகவே நடுவில் நின்ற சரக்கு இருக்கும்போது பதிவிறக்கம் செய்யக்கூடாது.

மூன்று வழிகளையும் ஏமாற்றும் நிலை ஒன்று உண்டு. தொழிற்சாலையின் மின்னழுத்தம் ஒரு கணம் தொய்ந்தால், பி.எல்.சி. யு.பி.எஸ்.-இல் இருப்பதால் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் கலக்கியின் மோட்டாருக்கு மின்சாரம் தரும் சுவிட்சான கான்டாக்டர் விழுந்துவிடும். நிரலுக்கு மின்வெட்டே தெரியாது, M8002 இயங்காது, வெளியீடு தொடர்ந்து இயக்கத்திலேயே இருக்கும். அழுத்தம் சீரானதும் கான்டாக்டர் தானாக ஒட்டிக் கலக்கி சுற்றும். இதற்கு நிரலில் மட்டும் மருந்து தேடக்கூடாது. மோட்டார்களுக்கு முன்னால் தன் துணைத் தொடர்பால் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் ஒரு முதன்மைக் கான்டாக்டரை வைத்து, விழுந்தால் கையால் அழுத்தினால் மட்டுமே எழும்படி செய்ய வேண்டும். அதன் இன்னொரு துணைத் தொடர்பை உள்ளீடாக எடுத்து, அது போனதும் மேற்கண்ட அதே முறையில் படி 900-க்குப் போகச் செய்தால், M8002 இல்லாமலேயே காத்திருப்பு கிடைக்கும்.

ஒப்படைப்பதற்கு முன் தொட்டியில் தண்ணீரை மட்டும் வைத்து ஒவ்வொரு படியிலும் முதன்மை பிரேக்கரைத் தட்டிப் பார்க்க வேண்டும். காத்திருப்பில் நிற்கும்போதும் ஒரு தடவை தட்ட வேண்டும். பேட்டரி தீர்ந்த நிலையையும் சோதிக்கலாம்: D230-இல் 12345 என்ற எண்ணை ஒரு தடவை எழுதி வைத்திருந்து, தொடக்கத்தில் அது இல்லையென்றால் காத்த மதிப்புகளை நம்பாமல் ‘தொடர்’ பொத்தானை மறைக்கும்படி எழுதியிருந்தால், D230-ஐ மென்பொருளிலிருந்து பூச்சியமாக்கிவிட்டு பிரேக்கரைத் தட்டினாலே அந்தப் பாதை வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். பேட்டரி அழுத்தம் குறைந்ததும் இயங்கும் M8005-ஐத் திரையில் அலாரமாகக் காட்டுவதற்கு ஒரே ஒரு வரி போதும். FX3U-இல் நிரலும் அதே பேட்டரியை நம்பியிருப்பதால் அந்த வரியை விட்டுவிடக்கூடாது.