உலோகங்களின் வினைத்திறன் வரிசை: பாட்டா, மலை ரயில் பாதையா?

பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு நிமிட வீடியோ எடுப்பதற்காக, உலோகங்களின் வினைத்திறன் வரிசையை மனத்தில் நிறுத்தும் வழிகள் இரண்டைக் குன்னூரில் என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் பயன்படுத்திப் பார்த்தேன். இறுதியில் பாட்டையே தேர்ந்தெடுத்தேன்.

வரிசை இது: பொட்டாசியம், சோடியம், கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, காரீயம், பிறகு ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்படும் ஹைட்ரஜன், அதன்பின் தாமிரம், பாதரசம், வெள்ளி, தங்கம்.

மனச்சித்திர வழியில், உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கும் மலை ரயிலின் பன்னிரண்டு நிலையங்களில் பன்னிரண்டு உலோகங்களை வைக்க வேண்டும். உதகை நடைமேடையில் தேங்கிய நீரில் பொட்டாசியம் ஊதா நிறச் சுடருடன் எரிகிறது. லவ்டேலில் சோடியம் மஞ்சளாக எரிகிறது. ஆறாவதான குன்னூரில் கூரை முழுவதும் துத்தநாகம் பூசிய தகரம். பல்சக்கரத் தண்டவாளம் தொடங்கும் குன்னூரை அடுத்த காட்டேரியில் இரும்பு அமைவது பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் குன்னூருக்குக் கீழே ரன்னிமீடு, ஹில்குரோவ், ஆடர்லி ஆகிய நிலையங்களின் வரிசையையே பல பிள்ளைகள் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. ஒரு நிமிடத்தில் பன்னிரண்டு காட்சிகள் என்றால் ஒன்றுக்கு ஐந்து நொடிதான். அதற்குள் காட்சி மனத்தில் ஊன்றுவதில்லை.

பாட்டு வழியில், ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் ஓர் உலோகப் பெயரின் முதலெழுத்தாகும்:

பொம்மி சோளக்கூழ் காய்ச்சி மெல்ல
அவரை துவட்டி இறக்கிக் காத்தாள்;
தாத்தா பாதையில் வெகுநேரம் தங்கினார்.

முதலில் 'பொன்னி' என்ற பெயரே மனத்தில் வந்தது. கடைசியில் வர வேண்டிய தங்கத்தை அந்தப் பெயர் முதலிலேயே நினைவூட்டிவிடும் என்பதால் மாற்றினேன். 'காத்தாள்' என்றதும் மூச்சு விட வேண்டும். அந்த இடைவெளியே ஹைட்ரஜன். அதற்கு முன் வருபவை நீர்த்த அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றும், பின் வருபவை வெளியேற்றா.

தாமிர சல்பேட்டுக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் என்ன நிகழும் என்று வினாத்தாளில் கேட்கிறார்கள் என்று கொள்வோம். 'இறக்கி', 'தாத்தா'வுக்கு முன்னே வருகிறது. ஆகவே இரும்பு தாமிரத்தை இடப்பெயர்ச்சி செய்யும். ஆணியின் மேல் செம்பழுப்புப் படிவு ஏறும், நீலக் கரைசல் வெளிறி இளம்பச்சையாகும். இரும்பு சல்பேட்டில் தாமிரக் கம்பியைப் போட்டால் ஒன்றும் நிகழாது.

பாட்டின் பலவீனம் 'கா' இரண்டு முறை வருவது. பிள்ளைகள் கால்சியத்தையும் காரீயத்தையும் இடம் மாற்றி எழுதுவது இங்கேதான். இதற்கு மட்டும் ஒரு சித்திரத்தைச் சேர்த்தேன்: மலைக்காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்கப் பொம்மி கனமான காரீயக் குண்டொன்றை அண்டை கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறாள். அந்தக் கனம் நினைவில் நின்றால் 'காத்தாள்' எந்த உலோகம் என்பதில் ஐயம் எழாது.

இவ்வளவுக்குப் பிறகும், என்னைப் பாட்டின் பக்கம் சாய்த்தது பராமரிப்பு ஒன்றுதான். ரயில் பாதை ஒரு பட்டியலுக்கு நன்றாக உழைக்கும். அடுத்த பட்டியலுக்கும் அதே நிலையங்களைப் பயன்படுத்தும்போது பழைய காட்சிகள் எளிதில் அகல்வதில்லை. முதல் இருபது தனிமங்களையும் உதகையிலிருந்தே வைக்கத் தொடங்கினால் லவ்டேலுக்கு ஹீலியமும் அரவங்காட்டுக்குப் பெரிலியமும் வந்து சேரும். லவ்டேலில் ஏற்கெனவே சோடியம் எரிகிறது, அரவங்காட்டில் மெக்னீசியம் நிற்கிறது. இரண்டு பட்டியலும் ஒரே பாடத்தைச் சேர்ந்தவை, ஒரே தேர்வில் கேட்கப்படுபவை என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. நான்காவது தனிமம் எது என்றால் மெக்னீசியம் என்று விடை வருவது இதன் அறிகுறி. தப்ப வேண்டுமானால் ஒவ்வொரு பட்டியலுக்கும் வேறு வழித்தடம் வேண்டும்: வீட்டிலிருந்து பள்ளிவரை ஒன்று, மார்க்கெட் தெருவுக்கு ஒன்று. புதிய பாட்டுக்கோ புதிய சொற்களே போதும். பழைய பாட்டு தன் இடத்தில் கிடக்கும்.

இருப்பினும் 'ஏழாவது உலோகம் எது' என்று எண்ணைக் கேட்டால் ரயில் பாதையே முந்தும்; பாட்டை முதலிலிருந்து விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கும். ஆங்கில வழிப் பிள்ளைகளோடு எனக்குப் பழக்கம் குறைவு. இந்த எழுத்துகள் தமிழ்ப் பெயர்களையே நம்பியிருப்பதால் அவர்களுக்கு இப்பாட்டைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.

பாட்டு வரிசையைத்தான் தரும், வினையின் போக்கைத் தராது. தாமிர சல்பேட்டுக் கரைசலில் சோடியத்தைப் போட்டால் அது முதலில் நீருடனேயே வன்மையாக வினைபுரியும். காரீயம் ஹைட்ரஜனுக்கு முன்னே இருந்தும், கரையாத உப்புப் படலம் மேலே படிவதால், நீர்த்த கந்தக அமிலத்தில் அதன் வினை விரைவில் நின்றுவிடும். இவ்விரண்டையும் பாட்டோடு சேர்த்துத் தனியே படித்துக்கொள்ள வேண்டும்.