ஒரு 155 சிசி மோட்டார் சைக்கிளும் மூன்று விளக்குகளும்: நான்கு வருட அனுபவம்

இறக்குமதித் தடை இருந்த காலத்தில் பழையதாக வாங்கிய வண்டி இது. தண்ணீரால் குளிரும் எஞ்சின், இரண்டு சில்லுக்கும் ஏ.பி.எஸ்., ட்ராக்ஷன் கண்ட்ரோல் எல்லாம் உண்டு. நான்கு வருடமாக யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் ஓடுகிறேன். அண்மையில் லைசன்ஸ் எடுத்த தங்கையின் மகனும் இப்போது இதையே ஓட்டுகிறான்.

முதல் நாளே பதறிக்கொண்டு வந்தான். "மாமா, ஏ.பி.எஸ். லைற் அணையுதில்லை!" வண்டி அப்போது வாசலிலேயே நின்றது. திறப்பைப் போட்டதும் அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். சில்லு சுழல்வதைச் சென்சர் பார்த்த பிறகுதான், அதாவது ஏறக்குறைய மணிக்கு 5 முதல் 10 கிலோமீற்றர் வேகம் வந்த பின்தான் அது அணையும். திறப்பைப் போட்டும் எரியவே இல்லையென்றால் அதுதான் சந்தேகப்பட வேண்டிய விஷயம். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதை முதலில் பாருங்கள். பழுதை மறைக்க விளக்கையே கழற்றி விடுகிறவர்களும் உண்டு.

ஓடும்போதும் அணையாமல் நின்றால் ஏ.பி.எஸ். வேலை செய்யவில்லை. பிறேக் வழக்கம்போலப் பிடிக்கும், ஆனால் இறுக்கிப் பிடித்தால் சில்லு பூட்டிக்கொண்டு வழுக்கும். அதனால் முன்னால் போகும் வாகனத்துக்கு நிறைய இடைவெளி விட்டு, பிறேக்கைப் படிப்படியாக அழுத்தி வீடு வந்து சேரலாம்.

எனக்கு அப்படி ஒரு முறை ஆனது. பின் ரயர் மாற்றிக்கொண்டு வந்த அன்று ஏ.பி.எஸ். விளக்கும் ட்ராக்ஷன் விளக்கும் சேர்ந்தே எரிந்தன. இரண்டும் ஒரே நேரத்தில் கெடுவது அரிது. இரண்டுக்கும் கணக்குக் கொடுப்பது அதே சில்லுச் சென்சர்கள்தான் என்பதால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். பின் சில்லைத் தூக்கி வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றினேன். பிறேக் டிஸ்க்குக்குப் பக்கத்தில் துளை துளையாக ஒரு மெல்லிய வளையம் இருக்கும், சென்சர் அந்தத் துளைகளைத்தான் எண்ணுகிறது. ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் வளையம் சென்சரை விட்டு விலகிப் போனது. இருக்க வேண்டிய இடைவெளியே ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான். ரயர் கழற்றும்போது இரும்பு நெம்புகோல் பட்டு வளையம் வளைந்திருந்தது. அதைத் தட்டி நிமிர்த்தப் போகாமல் புது வளையமே போட்டேன். கொஞ்சத் தூரம் ஓடியதும் இரண்டு விளக்கும் அணைந்தன. இப்போது ரயர் கடையில் சில்லைக் கொடுக்கும் முன் அந்த வளையத்தைக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

செயினுக்கு எண்ணெய் போடப் பின் சில்லைத் தூக்கி எஞ்சினில் ஓடவிட்டாலும் ஏ.பி.எஸ். விளக்கு வரலாம். முன் சில்லு நிற்க, பின் சில்லு மட்டும் சுற்றுவது அதற்குக் குழப்பம். அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்து ஓடினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ட்ராக்ஷன் விளக்கு கண் சிமிட்டினால் பழுது இல்லை. பின் சில்லு வழுக்குகிறது, அது எஞ்சின் பலத்தைக் குறைக்கிறது என்று அர்த்தம். மணற்காட்டுப் பக்கம் வீதியில் மணல் படிந்த இடங்களில் எனக்கு அடிக்கடி சிமிட்டும். அப்போது ஆக்ஸிலேட்டரைக் குறைத்தால் போதும். ஆழமான மணலில் மட்டும் பலம் குறைந்து வண்டி புதைந்து நிற்கும், அங்கே ட்ராக்ஷன் கண்ட்ரோலை நிறுத்திவிட்டுப் போகிறேன். நிறுத்தினால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். தார் வீதிக்கு வந்ததும் திரும்பப் போட மறக்காதீர்கள்.

வெப்ப விளக்கு வேறு ரகம். நீர் அலைமேல் வெப்பமானி போன்ற சின்னம் எரிந்தால், வீடு பக்கத்தில்தானே என்று ஓடக் கூடாது. நல்லூர்த் திருவிழா நெரிசலில் எனக்கு வந்தது. ஓரமாக நிழலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 பாகைக்கு மேலும் சூடாக இருக்கும், திறந்தால் முகத்தில் பீறிட்டு அடிக்கும். நன்றாக ஆறிய பின் பக்கத்திலுள்ள சிறு தாங்கியைப் பார்த்தேன். நீர் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது, உட்சுவரில் வெள்ளை வெள்ளையாகப் படிவு.

முந்திய சொந்தக்காரர் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார் போலும். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர் கேத்தலில் என்ன செய்கிறதோ, அதையே ரேடியேட்டரின் சிறு குழாய்களிலும் செய்யும். அவசரத்துக்கு ஊற்றினாலும் பிறகு வெளியேற்றிவிட வேண்டும். கராஜில் கழுவி, கலந்தே வரும் கூலண்ட் ஊற்றினோம். அதற்குப் பிறகு வந்த இரண்டு திருவிழா நெரிசலிலும் விசிறி மட்டும்தான் சுழன்றது, அந்த விளக்கு எரியவில்லை.