கிராஜுவிட்டி, லீவ் சம்பளம், செட்டில்மென்ட் தொகை: எதில் எவ்வளவு வரி?

ஓய்வு பெறும்போது கைக்கு வரும் பெரிய தொகைகள் மூன்று: பணிக்கொடை என்கிற கிராஜுவிட்டி, சேர்ந்துபோன விடுப்புக்கான பணம், முன்கூட்டியே வெளியேறினால் கம்பெனி தரும் இழப்பீடு. மூன்றும் ஒரே நாளில் ஒரே வங்கிக் கணக்கில் வந்து சேரலாம். ஆனால் வருமான வரி மூன்றையும் மூன்று விதமாகப் பார்க்கிறது. என் கணிப்பில் கிராஜுவிட்டிதான் மிகப் பாதுகாப்பான பணம். லீவ் பணத்துக்கு வரம்பு பெரியது, ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. இழப்பீடுதான் மிகப் பலவீனமானது. அதற்கு வரி வருமா வராதா என்பதைப் பெரும்பாலும் கடிதத்தின் வாசகமும் தேதியுமே முடிவு செய்கின்றன.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். தனியார் கம்பெனி ஒன்றில் மேலாளர், வயது 54. 2001 ஏப்ரல் 1 அன்று சேர்ந்தார், 2025 அக்டோபர் 31 அன்று வெளியேறுகிறார். சர்வீஸ் 24 ஆண்டு 7 மாதம். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 90,000 ரூபாய். மற்ற படிகளோடு 1,20,000. கணக்கு எளிதாக இருக்க, கடைசிப் பத்து மாதங்களிலும் சம்பளம் மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கிராஜுவிட்டி. பணிக்கொடைச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனம் என்றால், ஆறு மாதத்துக்கு மேல் போன ஆண்டு முழு ஆண்டாகிவிடும். ஆக, 90,000 × 15 ÷ 26 × 25. விடை 12,98,077 ரூபாய். வரிவிலக்குக்கும் இதே சூத்திரம்தான், உச்சவரம்பு 20 லட்சம். எனவே இந்தத் தொகைக்கு ஒரு ரூபாய்கூட வரி இல்லை. அந்தச் சட்டத்துக்குள் வராத நிறுவனமாக இருந்தால் விலக்குக் கணக்கு மாறும்: ஆண்டுக்கு அரை மாதச் சராசரிச் சம்பளம், உதிரி மாதங்கள் சேராது. 45,000 × 24, அதாவது 10,80,000 வரைதான் விலக்கு. 20 லட்சம் என்பது வாழ்நாள் வரம்பு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முந்தைய வேலையில் கிராஜுவிட்டிக்கு விலக்கு வாங்கியிருந்தால், அது இதில் கழியும்.

அடுத்து லீவ். தனியார் ஊழியர்களுக்கு இந்த வரம்பு வெகுகாலம் 3 லட்சமாகவே கிடந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் 25 லட்சம் ஆக்கினார்கள். அதைக் கேட்டதும் பலர் லீவ் பணத்துக்கு இனி வரியே கிடையாது என்று நிம்மதியாகிவிட்டார்கள். 25 லட்சம் என்பது நான்கு அளவுகோல்களில் ஒன்று மட்டுமே. வாங்கிய தொகை, பத்து மாதச் சராசரிச் சம்பளம், கணக்கில் மிச்சமுள்ள விடுப்பின் மதிப்பு ஆகியவை மற்ற மூன்று. நான்கில் எது குறைவோ அதற்குத்தான் விலக்கு.

கண்ணி நான்காவதில் இருக்கிறது. மிச்ச விடுப்பைக் கம்பெனி எண்ணும் விதம் வேறு, சட்டம் எண்ணும் விதம் வேறு. முடிந்த ஓர் ஆண்டு சர்வீஸுக்கு 30 நாளுக்கு மேல் சட்டம் ஏற்காது. நம் மேலாளருக்கு 210 நாள் பாக்கி. பணம் ஏழு மாதச் சம்பளம், 6,30,000. கம்பெனி ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு கொடுத்திருந்தால், 24 ஆண்டுக்கு 720 நாள். 510 எடுத்தார், 210 மிச்சம். முழுத்தொகைக்கும் விலக்கு. இதே கம்பெனி தாராளமாக ஆண்டுக்கு 40 நாள் கொடுத்திருந்தால்? மொத்தம் 960, எடுத்தது 750, மிச்சம் அதே 210. ஆனால் சட்டத்தின் ஏட்டில் 720 நாள்தான் வரவு. 750 எடுத்தாகிவிட்டது, மிச்சம் எதுவுமே இல்லை. 6,30,000 முழுவதும் வரிக்குள் வந்துவிடும். அதனால் ஓய்வுக்கு முன்பே, ஆண்டுக்கு எத்தனை நாள் வரவு, எத்தனை நாள் எடுத்தது என்ற விவரத்தை ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். இறுதி பாக்கி மட்டும் தெரிந்தால் இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

இன்னொன்று, வேலையில் இருக்கும்போதே லீவை சரண்டர் செய்து வாங்கும் பணத்துக்கு இந்த விலக்கு கிடையாது, அது முழுக்க வரிக்குரியது. ராஜினாமா செய்து போகிறவருக்கு விலக்கு உண்டு. ராஜினாமாவும் பணி ஓய்வுதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சரி, மூன்றாவது: வெளியேறுவதற்காகக் கம்பெனி 12 லட்சம் தருகிறது. இதே 12 லட்சத்தை இரண்டு பெயரில் கொடுக்கலாம். வருமான வரி விதி 2BA-வின்படி அமைந்த விருப்ப ஓய்வுத் திட்டம் என்றால் 5 லட்சம் வரை விலக்கு. அதற்கு நிபந்தனைகள் உண்டு. பத்து ஆண்டு சர்வீஸ் அல்லது 40 வயது நிறைவு வேண்டும். திட்டம் ஆள்பலத்தைக் குறைப்பதாக இருக்க வேண்டும். காலியான இடத்தை நிரப்பக் கூடாது. அதே நிர்வாகத்தின் இன்னொரு கம்பெனியில் அவரை வேலைக்கு எடுக்கவும் கூடாது. திட்டம் எதுவும் இல்லாமல், ஒரு தனிநபரைக் கூப்பிட்டுப் பேசி ‘கருணைத்தொகை’ என்று கொடுத்தால் அது சம்பளத்துக்குப் பதிலான வருமானம், முழுக்க வரி. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கும் 5 லட்சம் வரை ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் அது தொழில் தகராறு சட்டம் சொல்லும் தொழிலாளிக்கு மட்டும்தான், மேலாளருக்கு உதவாது.

வித்தியாசம் எவ்வளவு? புதிய வரி முறையில் 2025-26க்குப் பார்ப்போம் (இந்த விலக்குகள் புதிய முறையிலும் உண்டு). ஏழு மாதச் சம்பளம் 8,40,000, நிலைக்கழிவு 75,000 போக 7,65,000. விருப்ப ஓய்வுத் திட்டம் என்றால் 7 லட்சம் சேர்ந்து 14,65,000. செஸ்ஸோடு வரி 1,03,740. கருணைத்தொகை என்றால் 19,65,000, வரி 2,00,720. பெயர் ஒன்றுக்காக 96,980 ரூபாய் கூடுதல்.

மொத்தமாக வந்த பணத்தால் ஏறும் வரியைக் குறைக்க பிரிவு 89 நிவாரணம் இருக்கிறதே என்பார்கள். 5 லட்சம் விலக்கை எடுத்தவருக்கு அந்தத் தொகைக்கு இந்த நிவாரணம் கிடையாது. கருணைத்தொகை வாங்கியவர் படிவம் 10E தாக்கல் செய்து கேட்கலாம். முந்தைய மூன்று ஆண்டு வருமானம் ஒவ்வொன்றோடும் இழப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்து, சராசரி வரி விகிதத்தை இந்த ஆண்டோடு ஒப்பிடுவார்கள். 2025-26இல் வரி அடுக்குகள் தளர்ந்துவிட்டன, முந்தைய ஆண்டுகளில் கனமாக இருந்தன. அதனால் இவரைப் போன்றவர்களுக்கு நிவாரணம் சொற்பமாகவோ இல்லாமலோ போகும்.

பெயரைவிடத் தேதி இன்னும் பலமானது. இதே மனிதர் அக்டோபருக்குப் பதில் 2025 ஏப்ரல் 30 அன்று வெளியேறி, அந்த ஆண்டில் வேறு வருமானம் இல்லை என்று வைப்போம். ஒரு மாதச் சம்பளம் 1,20,000, விருப்ப ஓய்வுப் பணத்தில் 7 லட்சம், நிலைக்கழிவு போக 7,45,000. அது 12 லட்சத்துக்குள் அடங்குவதால் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யம். கருணைத்தொகையாக வாங்கியிருந்தாலும் 12,45,000தான். 12 லட்சத்தைத் தாண்டிய 45,000க்கு மேல் வரி போகாமல் தடுக்கும் விளிம்பு நிவாரணத்தோடு, செஸ் சேர்த்து 46,800. வெளியேறும் மாதத்தைப் பேசி முடிவு செய்யும் வாய்ப்பு இருந்தால், தொகையைக் கூட்டிக் கேட்பதற்கு முன் ஏப்ரலைக் கேட்டுப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: விருப்ப ஓய்வு விலக்கு வாழ்நாளில் ஒரே ஒரு மதிப்பீட்டு ஆண்டுக்குத்தான். முன்பு 2 லட்சத்துக்கு மட்டும் பயன்படுத்தியிருந்தாலும், மீதி 3 லட்சம் பின்னால் வராது.

மத்திய, மாநில அரசு ஊழியர்களுக்கு ஓய்வின்போது வரும் கிராஜுவிட்டியும் லீவ் பணமும் முழுக்க வரியற்றவை. பொதுத்துறை நிறுவனத்திலும் அரசு வங்கியிலும் இருப்பவர்கள் லீவ் பணத்தில் தங்களையும் அரசு ஊழியர் என்றே நினைத்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் 25 லட்சக் கணக்குதான்.

படிவம் 16 கைக்கு வந்ததும் இரண்டாம் பகுதியில், விலக்கு பெற்ற தொகைகளின் கீழ் கிராஜுவிட்டி, லீவ் ஆகிய பதிவுகளைப் பாருங்கள். கம்பெனி அங்கே எதையும் காட்டாமல் டி.டி.எஸ். பிடித்திருந்தாலும் பணம் போய்விடவில்லை. கணக்குத் தாளையும் செட்டில்மென்ட் கடிதத்தையும் கையில் வைத்துக்கொண்டு, ரிட்டர்னில் விலக்கைக் காட்டி ரீஃபண்ட் கேட்கலாம்.