150 ஹெர்ட்ஸில் வைத்த ஒரே ஒரு மாதிரி: நான்கு ஆண்டு அனுபவம்

சிங்கப்பூர் காண்டோமினியங்களின் பம்ப் அறைகளில் அதிர்வைக் கண்காணிக்கும் சிறு பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. அதற்குள் ஓடும் எஃப்ஐஆர் ஃபில்டரை அதிர்வெண் மாதிரி முறையில்தான் வடிவமைத்தேன். நான்கு ஆண்டாக அது ஓடுகிறது. முதல் சில மாதங்கள் என்னைத் தவறான வழியில் அலைய விட்டதும் அதே முறைதான். அந்தக் கதையைச் சொன்னால் மாறுநிலை மாதிரி எதற்கு என்பது தானாகப் புரியும்.

முறை எளிது. வேண்டிய அதிர்வெண் வளைவைச் சம இடைவெளியில் சில புள்ளிகளாகக் குறித்துக்கொண்டு, அவற்றிலிருந்து தலைகீழ் டிஎஃப்டி எடுத்தால் கெழுக்கள் கிடைத்துவிடும். நான் நொடிக்கு 1250 மாதிரி எடுத்தேன், 25 கெழு வைத்தேன். அப்போது புள்ளிகள் சரியாக 50 ஹெர்ட்ஸ் இடைவெளியில் விழும். 0, 50, 100-ல் 1 போட்டேன். 150 முதல் எல்லாவற்றிலும் 0. ஃபில்டருக்குப் பிறகு நான்கில் ஒரு மாதிரியை மட்டும் வைத்துக்கொள்வதால் மாதிரி வேகம் நொடிக்கு 312.5 ஆகக் குறையும். எனக்கு வேண்டியது 100 ஹெர்ட்ஸ் வரைதான்.

மேசையில் சோதித்தபோது அருமையாக வந்தது. சிக்னல் ஜெனரேட்டரில் 200, 250, 300 என்று வைத்துப் பார்த்தேன், வெளியீடு அடியோடு செத்துவிட்டது. இங்கேதான் ஏமாந்தேன். இந்த முறையில் குறித்த புள்ளிகளில் வளைவு நாம் சொன்ன மதிப்பை அப்படியே தொடும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் அது எப்படி ஆடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நான் சோதித்தவை எல்லாமே 50-ன் மடங்குகள்.

தோ பாயோவில் ஒரு கட்டடத்தில் இன்வர்ட்டரில் ஓடும் பூஸ்டர் பம்ப். இம்பெல்லரில் ஐந்து இறக்கைகள். இரவில் நிமிடத்துக்கு 2400 சுற்று, காலையில் எல்லாரும் குளிக்கும் நேரத்தில் 2700. தினமும் காலையில் மட்டும் 90 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கம்பம் எழும். சுற்று வேகம் 45 ஹெர்ட்ஸ் என்றால் அதன் இருமடங்கு 90. இருமடங்கில் அதிர்வு என்றால் மோட்டாரும் பம்பும் நேர்கோட்டில் இல்லை என்றுதான் முதலில் சந்தேகிப்போம். எங்கள் மூத்த டெக்னீஷியன் முருகன் அண்ணன் கப்ளிங்கைத் திறந்து, டயல் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கச்சிதமா இருக்கு. உன் பெட்டியைத்தான் பாக்கணும்"என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் ஸ்பெக்ட்ரத்தைக் கூர்மையாகப் பார்த்தேன். கம்பம் 90-ல் இல்லை, 87.5-ல் இருந்தது. பம்பை 2760 சுற்றுக்கு ஏற்றச் சொன்னேன். உண்மையான இருமடங்கு என்றால் 92-க்கு ஏற வேண்டும். இதுவோ 82.5-க்கு இறங்கியது. வேகம் ஏற ஏறக் கீழே போகும் கம்பம், மாதிரி வேகத்தைக் குறைத்ததால் மேலிருந்து மடிந்து வந்த பொய்க் கம்பம். ஐந்து இறக்கை, 45 ஹெர்ட்ஸ்: 225. அதை 312.5-லிருந்து கழித்தால் 87.5. இரவில் 2400 சுற்றில் இறக்கை அதிர்வெண் சரியாக 200, அங்கே என் ஃபில்டரின் பூஜ்ஜியம் இருக்கிறது. அதனால்தான் இரவில் எல்லாம் அமைதி.

225 என்பது 200-க்கும் 250-க்கும் நட்டநடு. அங்கே என் ஃபில்டர் 0.102 பங்கை உள்ளே விட்டது. கிட்டத்தட்ட பத்தில் ஒன்று, −20 டெசிபெல். 175-ல் இன்னும் மோசம், −15.6. இதற்குக் காரணம் 1-லிருந்து 0-க்குச் செங்குத்தாகக் குதித்ததுதான். ஒவ்வொரு மாதிரியும் ஒரு சைன்க் போன்ற அலையை இரு பக்கமும் விரிக்கிறது. கடப்புப் பட்டை சட்டென்று முடிந்ததும் அந்த வால்கள் ஒன்றையொன்று சரியாக ஈடுகட்டாமல் தடுப்புப் பட்டைக்குள் நீள்கின்றன.

சரி, 150-ல் 0-க்குப் பதிலாக T என்று ஒரு இடைமதிப்பு வைப்போம். இதுதான் மாறுநிலை மாதிரி. அதன் வால், தடுப்புப் பட்டையில் மற்றவற்றின் மிச்சத்துக்கு எதிர்க்குறியில் விழுகிறது. இரண்டும் கூடிக் கரைகின்றன. எவ்வளவு T என்பதுதான் கேள்வி. 225-ல் மிச்சத்தை முழுதாக அழிக்க 0.389 வேண்டும், 275-ல் 0.438, 625-ல் 0.488. எல்லாவற்றையும் ஒரே T-யால் அழிக்க முடியாது. ஆகவே 200-லிருந்து 625 வரை மிக உயரமான மேட்டைத் தாழ்த்தும் T-யைத் தேட வேண்டும். 1970-ல் ரேபினர், கோல்ட், மெக்கோனிகல் மூவரும் இப்படிக் கணினியில் தேடித்தான் அட்டவணைகளை வெளியிட்டார்கள். இன்று நம் மடிக்கணினியில் ஒரு நொடி வேலை:

```python
import numpy as np
n = np.arange(-12, 13); f = np.arange(200, 626)
C = np.cos(2*np.pi*np.outer(f, n)/1250)
c = lambda k: 2*np.cos(2*np.pi*k*n/25)
for T in np.arange(0.30, 0.51, 0.002):
    h = (1 + c(1) + c(2) + T*c(3))/25
    print(round(T, 3), 20*np.log10(abs(C @ h).max()))
```

1-க்கும் 0-க்கும் நடு என்று 0.5 போடத்தான் கை போகும். அதற்கு −30 டெசிபெல்தான் கிடைக்கும். 0.3 போட்டால் −32 அளவு. 0.404 பக்கம் வந்ததும் −42. அந்தப் பள்ளம் குறுகலானது, இரு பக்கமும் ஒரே சரிவும் இல்லை. 0.414 போட்டால் −40-க்கு வந்துவிடும். 0.394 என்றால் −41 அளவில் நிற்கும். அதனால் தசம இடங்களைச் சுருக்கும்போது நான் கீழ்ப்பக்கமே சுருக்குவேன். எங்கள் பெட்டியில் இருப்பது 0.40. மேடுகளைத் தேடும்போது புள்ளிகளின் நடுவை மட்டும் பார்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உகந்த T-க்கு அருகில் முதல் மேட்டின் உச்சி 225-ல் இல்லாமல் 212 பக்கம் நகர்ந்துவிடுகிறது. நடுப்புள்ளிகளை மட்டும் வைத்துத் தேடினால் 0.414 என்ற விடை வரும். நானே ஒரு வாரம் அதைத்தான் போட்டு வைத்திருந்தேன்.

இதற்குக் கொடுத்த விலை 50 ஹெர்ட்ஸ். தடுப்புப் பட்டை 150-க்குப் பதில் 200-ல்தான் தொடங்குகிறது. கெழு எண்ணிக்கை அதே 25, தாமதமும் அதே 12 மாதிரி, செயலிக்குக் கூடுதல் சுமை ஒரு துளிகூட இல்லை. மடிப்பில் என் 100 ஹெர்ட்ஸுக்குள் வந்து விழுவது 212.5-க்கு மேல் உள்ளவைதான் என்பதால் இந்த இழப்பு எனக்கு வலிக்கவில்லை. மாதிரி வேகத்தை 250-க்குக் குறைத்திருந்தால் கதை வேறு: 150 நேராக 100-ல் மடிந்து விழும், அதுவும் 0.4 பங்கோடு.

தோ பாயோ பம்பில் மாற்றியதும் காலைக் கம்பம் இரைச்சலுக்குள் போய்விட்டது. அப்புறம் முருகன் அண்ணன் அந்தக் கப்ளிங்கைத் திறக்கவே இல்லை.

ஒரு குறை அப்படியே இருக்கிறது. இந்தத் தேடல் தடுப்புப் பட்டையை மட்டுமே கவனிக்கிறது. கடப்புப் பட்டையில் 25 ஹெர்ட்ஸில் 1 சதவீதம் குறைவாகவும், 75-ல் 4 சதவீதம் கூடுதலாகவும் காட்டும். T இல்லாத காலத்தில் 75-ல் கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடுதலாக இருந்தது, எனவே இது முன்னேற்றம்தான். ஆனால் அதிர்வின் அளவை எல்லையோடு ஒப்பிட்டு எச்சரிக்கை அடிக்கும் இடத்தில் 4 சதவீதத்தைச் சும்மா விட முடியாது. வளைவு முன்கூட்டியே தெரியும் என்பதால் ஸ்பெக்ட்ரத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் அந்த மதிப்பால் வகுத்துவிடுகிறேன். வகுக்க வழியில்லாமல், அலை வடிவத்தையே நேராகப் பார்க்க வேண்டிய வேலை என்றால் இரண்டு பட்டைகளையும் சேர்த்துச் சமன் செய்யும் `remez`-க்குப் போய்விடுவேன்.