குட்டிப் பிள்ளையின் தொண்டை வலி: காத்திருப்பதா, ஸ்வாப் எடுப்பதா, உடனே ஆன்டிபயாட்டிக்கா?

இரண்டரை வயதுப் பிள்ளை, எடை 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நேற்று ராத்திரியிலிருந்து 102 டிகிரி காய்ச்சல், சோற்றை வாயில் வைத்தாலே அழுகிறது, டார்ச் அடித்துப் பார்த்தால் டான்சில் இரண்டும் சிவந்து வீங்கி, மேலே வெள்ளை வெள்ளையாகத் திட்டு. வீட்டில் ஒருவர் ரெண்டு நாள் பார்ப்போம் என்பார், இன்னொருவர் போன தடவை கொடுத்த ஆன்டிபயாட்டிக்கையே வாங்கிக் கொடு என்பார், லேபில் தொண்டை ஸ்வாப் எடுத்துப் பார்த்தால் என்ன என்று மூன்றாவதாக ஒருவர் கேட்பார். மூன்றுக்கும் இடம் உண்டு, ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் இல்லை.

முதலில் அந்த வெள்ளைத் திட்டு. அதைப் பார்த்ததுமே பாக்டீரியா என்று முடிவு கட்டிவிடுகிறோம், தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அடினோ வைரஸும் இதே மாதிரி திட்டும், இதே அளவுக் காய்ச்சலும் கொண்டுவரும், காய்ச்சல் ஐந்து நாள் வரை இழுப்பதும் உண்டு. மூன்று வயதுக்குள் வரும் தொண்டை வலியில் பெரும்பாலானவை வைரஸ்தான். ஆன்டிபயாட்டிக் தேவைப்படும் முக்கியமான கிருமி ஸ்ட்ரெப், அது அதிகம் பிடிப்பது 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளை. அதனால் திட்டை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். மூக்கு ஒழுகுகிறதா, இருமல் இருக்கிறதா, கண் சிவந்திருக்கிறதா, குரல் கம்மியிருக்கிறதா, வாயிலோ கை காலிலோ கொப்புளம் உண்டா? இதில் ஒன்றிரண்டு இருந்தாலே வைரஸ் பக்கம்தான் சாயும். சளி இருமல் எதுவும் இல்லாமல் திடீரென்று காய்ச்சல், தாடைக்குக் கீழே நெறி கட்டித் தொட்டால் வலி என்று இருந்தால் ஸ்ட்ரெப் சந்தேகம் வலுக்கும்.

சளியோடு வந்த தொண்டை வலிக்கு என் ஓட்டு, காத்திருப்பதற்கே. காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை, வலியைக் குறைத்தால்தான் பிள்ளை தண்ணீர் குடிக்கும். பாராசிட்டமால் ஒரு தடவைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம், அதாவது நம் 12 கிலோ பிள்ளைக்கு 180. ஐந்து மில்லியில் 250 உள்ள சிரப் என்றால் 3.6 மில்லி, 120 உள்ளது என்றால் 7.5 மில்லி, ஆறு மணி நேர இடைவெளியில். கடையில் இரண்டும் கிடைக்கும், போன தடவை அளவை இந்தப் புட்டியிலிருந்து ஊற்றினால் பாதியோ இரட்டிப்போ ஆகிவிடும், எனவே லேபிளைப் படித்துவிட்டு சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். ஆறிய கஞ்சி, தயிர் சாதம், இளநீர் எது இறங்குகிறதோ அது போதும். ஆனால் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் ஒழுகவிட்டால், மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால், கழுத்தைத் திருப்ப மறுத்தால், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால், அல்லது தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரிப் படர்ந்திருந்தால் (தடுப்பூசி விட்டுப்போன பிள்ளைக்கு டிப்தீரியா இன்றும் வருகிறது) காத்திருக்கும் பேச்சே கிடையாது, உடனே ஆஸ்பத்திரி. இவை எதுவும் இல்லாவிட்டாலும், மூன்றாவது நாளும் காய்ச்சல் இறங்காவிட்டால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

உடனே ஆன்டிபயாட்டிக் கொடுப்பதில் லாபம் என்ன? வைரஸாக இருந்தால் ஒன்றுமே இல்லை. ஸ்ட்ரெப்பாகவே இருந்தாலும் வலியும் காய்ச்சலும் ஒரு நாள் முன்னதாக அடங்கும், அவ்வளவுதான். ஸ்ட்ரெப்புக்கு மருந்து கொடுப்பதன் முக்கியக் காரணம் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுப்பது, பின்னாளில் இதய வால்வைக் கெடுக்கும் அந்த நோய் இந்தியாவில் இன்னும் ஒழியவில்லை. ஆனால் தொண்டை வலி ஆரம்பித்து 9 நாளுக்குள் மருந்தைத் தொடங்கினாலே அந்தத் தடுப்பு கிடைத்துவிடும், தவிர மூன்று வயதுக்குள் அது வருவதே அபூர்வம். ரிசல்ட்டுக்காக இரண்டு நாள் பொறுப்பதில் நஷ்டமில்லை. அவசரப்பட்டால்தான் நஷ்டம். வயிற்றுப்போக்கு வரும், வைரஸ் காய்ச்சலோடு அமாக்சிசிலின் சேர்ந்து உடம்பெல்லாம் தடித்தால் 'பென்சிலின் அலர்ஜி' என்ற முத்திரை பிள்ளைக்கு ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும், ரெண்டு வேளை மருந்து உள்ளே போனபிறகு ஸ்வாப் எடுத்தால் அதை நம்பவும் முடியாது.

ஸ்வாப் யாருக்கு? மூன்று வயதுக்குள் வழக்கமாகத் தேவையில்லை. நம் பிள்ளைக்குச் சளி இருமல் இல்லை, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் அண்ணனுக்குப் போன வாரம்தான் ஸ்ட்ரெப் என்று ரிசல்ட் வந்தது என்றால், அப்போது எடுக்க வேண்டும். அம்மா மடியில் வைத்துக் கை இரண்டையும் அணைத்துப் பிடிக்க, நாக்கை அழுத்திக்கொண்டு இரண்டு டான்சிலிலும் பின்தொண்டையிலும் பஞ்சுக் குச்சியைத் தேய்த்து எடுப்பார்கள், பிள்ளை ஓங்கரிக்கும், சில நொடியில் முடிந்துவிடும். குச்சி நாக்கிலும் கன்னத்திலும் மட்டும் பட்டுவிட்டு வந்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். உடனடி டெஸ்ட் சில நிமிடத்தில் சொல்லிவிடும், அதில் பாசிட்டிவ் என்றால் நம்பலாம், நெகட்டிவ் என்றால் கல்ச்சர் போட்டு, அதாவது லேபில் கிருமி வளர்கிறதா என்று ஒன்றிரண்டு நாள் பார்ப்பது நல்லது. சளி பிடித்த பிள்ளைக்கெல்லாம் எடுக்கக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. சில பிள்ளைகளின் தொண்டையில் ஸ்ட்ரெப் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கும், சளியோ வைரஸால் வந்திருக்கும், ரிசல்ட் பாசிட்டிவ் என்று வந்து வீண் மருந்தில் போய் முடியும்.

சரி, பாசிட்டிவ் வந்துவிட்டது. மூன்று அல்லது ஐந்து நாளில் முடிகிற அசித்ரோமைசினா, பத்து நாள் அமாக்சிசிலினா? பென்சிலின் அலர்ஜி இல்லாத பிள்ளைக்கு அமாக்சிசிலின்தான். அசித்ரோமைசினுக்கு அடங்காத ஸ்ட்ரெப் உண்டு, பென்சிலின் வகைக்கு அடங்காத ஸ்ட்ரெப்பை சிகிச்சையில் இதுவரை பார்த்ததில்லை. அளவு நாளுக்கு கிலோவுக்கு 50 மில்லிகிராம், இந்தப் பிள்ளைக்கு 600, இரண்டு வேளையாக 300. ஐந்து மில்லியில் 250 உள்ள சிரப்பில் வேளைக்கு 6 மில்லி, பத்து நாளைக்கு 120 மில்லி. 60 மில்லி புட்டி என்றால் இரண்டு, 30 என்றால் நான்கு வேண்டும்! கோர்ஸ் பாதியில் நிற்பது பல வீடுகளில் இதனால்தான், புட்டி தீர்ந்தது, பிள்ளையும் ஓடி விளையாடுகிறது, அத்தோடு விட்டுவிடுகிறார்கள். கரைத்த மருந்து ஏழு நாள் போல்தான் தாங்கும், அதனால் எல்லாப் புட்டியையும் முதல் நாளே வாங்கி வைத்து, ஒன்று முடிந்தபின் அடுத்ததைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கோடு வரை கரையுங்கள்.

காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிடும், பிறகு எதற்குப் பத்து நாள் என்பது நியாயமான கேள்வி. பாதியில் விட்டால் கிருமிக்கு எதிர்ப்பு வந்துவிடும் என்று சொல்வார்கள், இங்கே முக்கியக் காரணம் அது இல்லை. பிள்ளை தேறியபிறகும் கிருமி தொண்டையில் மிச்சம் இருக்கும், அதைத் துடைத்தெடுத்தால்தான் ருமாட்டிக் காய்ச்சலுக்கான தடுப்பு முழுசாகும், அந்த அளவு தடுப்பு உறுதியானது பத்து நாள் கணக்கில்தான். அப்புறம் இன்னொன்று: ரிசல்ட் வருவதற்கு முன்பே டாக்டர் மருந்தைத் தொடங்கியிருந்து, கல்ச்சர் நெகட்டிவ் என்று வந்தால், 'ஆரம்பித்ததை முடிக்கணும்' என்று இழுக்க வேண்டியதில்லை, அவரிடம் கேட்டு நிறுத்திவிடலாம்.

ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்ததும் கொடுங்கள், அடுத்த வேளைக்கு நேரமாகிவிட்டது என்றால் அதை விட்டுவிடுங்கள், இரட்டிப்பாக மட்டும் கொடுக்காதீர்கள். மருந்து தொடங்கி ஒரு நாள் ஆகி, காய்ச்சலும் இல்லை என்றால் ப்ளே ஸ்கூல் போகலாம். கோர்ஸ் முடிந்து பிள்ளை நன்றாக இருந்தால் மறுபடி ஸ்வாப் வேண்டாம். அடுத்த சில வாரத்தில் முகம் வீங்கினாலோ, சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, மூட்டு வலிக்கிறது என்று நடக்க மறுத்தாலோ, தொண்டை வலி வந்த தேதியையும் ஸ்வாப் ரிசல்ட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.