பிளேஸ்டேஷன் 5-ல் குழந்தைக் கணக்கு: ஒன்றரை வருடம் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

மகனுக்கு ஒன்பது வயதானபோது அவனுக்கென்று முதல் கன்சோல் வாங்கினோம். அவன் கையில் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே, அவன் தூங்கியபிறகு பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் அமைத்து வைத்துவிட்டேன். சிஸ்டம் அப்டேட், கேம் டவுன்லோட் இதற்கே முதல் இரவு போய்விட்டது. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து “முடிஞ்சுதா, முடிஞ்சுதா” என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது இந்த வேலையைச் செய்தால், பாதி அமைப்புகளை “அப்புறம் பார்க்கலாம்” என்று தள்ளிவிடுவோம். அதனால் முன்கூட்டியே செய்வது நல்லது.

அமைப்பு முறை எளிதுதான். முதலில் என் பெயரில் ஒரு கணக்கு. குடும்பத்தின் மேலாளர் நான். அதன்கீழ் மகனுக்கு ஒரு குழந்தைக் கணக்கு. பிறந்த தேதியை மட்டும் உண்மையாகக் கொடுங்கள். சில கேம்களுக்குத் தடை வருமே என்று வயதைக் கூட்டிப் போட்டு அது பெரியவர் கணக்காகிவிட்டால், செலவு வரம்பு, நேர வரம்பு எதையுமே அதன்மேல் வைக்க முடியாது. வயதுக்கு மீறிய ஒரு கேமை அனுமதிக்க வேண்டுமென்றால், அந்த ஒரு கேமுக்கு மட்டும் அனுமதி கொடுக்க வழி இருக்கிறது. நான் வாங்கிய கேம்கள் அவன் கணக்கில் பூட்டுப் போட்டுக் காட்டினால், என் கணக்கில் “Console Sharing and Offline Play” இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

விளையாட்டு நேரத்தை ஒரு நாளுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தேன். மாதச் செலவு வரம்பை ஒரு சிறிய கேம் வாங்கும் அளவுக்கு வைத்தேன். எல்லாம் பக்காவாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

இரண்டாவது வாரம் என் ப்ரொஃபைலைத் திறந்தபோது, நான் தொட்டே பார்க்காத ஒரு கேமில் எனக்கு நான்கு ட்ராஃபிகள், அதாவது கேமில் சாதனைக்குக் கொடுக்கும் பரிசுச் சின்னங்கள், கிடைத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதியும் நேரமும் இருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை 5.40. அந்நேரம் நான் அலுவலகத்தில் இருந்தேன்.

மகனிடம் கோபப்படாமல் கேட்டேன். “என்னோடது டைம் முடிஞ்சுபோச்சு. அப்புறம் உன் பேரை அழுத்தினேன், திறந்துருச்சும்மா” என்றான். ஒளிக்கவெல்லாம் இல்லை. கதவு திறந்திருந்தது, உள்ளே போனான்.

இதைத்தான் கன்சோல் வாங்கும் ஒவ்வொரு பெற்றோரிடமும் முதலில் சொல்கிறேன். நாம் வைக்கும் வரம்புகள் எல்லாம் குழந்தையின் கணக்கின்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன, கன்சோலின்மேல் இல்லை. அதே கன்சோலில் பூட்டில்லாத பெரியவர் ப்ரொஃபைல் ஒன்று இருந்தால் அவ்வளவும் வீண். அவன் விளையாடியதோடு விட்டான். என் கணக்கில் கார்டு சேமிக்கப்பட்டிருந்தது. ஸ்டோருக்குள் போயிருந்தால் மாத வரம்பு அங்கே வேலை செய்திருக்காது, ஏனென்றால் வாங்குவது நான் என்றுதான் கன்சோல் நினைத்திருக்கும்.

அன்றிரவே நான்கு காரியம் செய்தேன். முதலாவதாக, என் ப்ரொஃபைலுக்கு நான்கு இலக்க லாகின் பாஸ்கோடு போட்டேன். கணவருடைய ப்ரொஃபைலுக்கும் போட்டேன், ஏனென்றால் ஒன்றைப் பூட்டி இன்னொன்றைத் திறந்து வைத்தால் பயனில்லை. இந்தப் பாஸ்கோடைக் கன்ட்ரோலரின் பொத்தான்களை அழுத்தித்தான் போட வேண்டும். பக்கத்தில் இருக்கும் பிள்ளை நம் விரலைப் பார்த்தே கற்றுக்கொள்ளும், அதனால் கன்ட்ரோலரைத் திருப்பிப் பிடித்துக்கொள்கிறேன். இரண்டாவதாக, கன்சோல் கட்டுப்பாடுகளுக்குப் போய், புதிய பயனரை உருவாக்குவதையும் விருந்தினராக நுழைவதையும் தடுத்தேன். இல்லாவிட்டால் அவன் புதிதாக ஒரு பயனரை உருவாக்கிக்கொண்டு வரம்பே இல்லாமல் விளையாடலாம். மூன்றாவதாக, அந்தக் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்கான பாஸ்கோடை மாற்றினேன். அது முதலில் 0000 என்றுதான் இருக்கும். மாற்றாமல் விட்டால் இரண்டாவதாகச் செய்ததற்கு அர்த்தமே இல்லை. கடைசியாக, பணம் கட்டும்போது கடவுச்சொல் கேட்கும்படி வைத்தேன், சேமித்த கார்டையும் எடுத்துவிட்டேன்.

கார்டை எடுத்தது ஏன் என்றால், பிள்ளை வாங்குவதற்கான பணம் மேலாளரின் வாலட்டிலிருந்துதான் போகிறது, அவனுக்கென்று தனிப் பணப்பை கிடையாது. வாலட்டில் கொஞ்சம் பணம் மட்டும் போட்டு வைத்தால் மாத வரம்புக்கு மேல் இன்னொரு வரம்பு தானாக வந்துவிடுகிறது. மாத வரம்பு ஆரம்பத்தில் பூஜ்யமாக இருக்கும். நாம் உயர்த்தினால்தான் எதையும் வாங்க முடியும்.

இந்த வரம்பில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. போன மாதம் செலவழிக்காத மிச்சம் இந்த மாதத்தில் சேராது. மகன் மூன்று மாதம் ஒன்றும் வாங்காமல் பெரிய கேம் ஒன்றுக்காகக் காத்திருந்தான். கன்சோலைப் பொறுத்தவரை அவனுக்கு அதே ஒரு மாத வரம்புதான். அதனால் ஒரு நோட்டில் அவன் சேமிப்பை எழுதி வைக்கிறோம். வாங்கும் நாளில் மட்டும் வரம்பை ஏற்றி, வாங்கி முடித்த உடனே பழையபடி இறக்கிவிடுகிறேன். இறக்க மறந்துவிடக் கூடாது என்று ஃபோனில் நினைவூட்டல் வைத்திருக்கிறேன். இன்னொன்று, கேமுக்குள் இருக்கும் நாணயங்கள். ஸ்டோரில் நாணயப் பொதி வாங்கும்போது வரம்பு தடுக்கும். வாங்கிய நாணயங்களை அவன் ஒரே மாலையில் கேம் பாத்திரத்தின் உடைகளுக்கே செலவழித்தால் தடுக்காது. ஆகவே பொதி வாங்குவதற்கு முன்பு, எதற்காக வாங்குகிறோம் என்று பேசிக்கொள்கிறோம்.

சரி, நேர வரம்புக்கு வருகிறேன். நேரம் முடிந்ததும் என்ன ஆகவேண்டும் என்பதற்கு இரண்டு வழி. ஒன்று அறிவிப்பு மட்டும் காட்டும், மற்றது “Log Out of PS5”, அதாவது வெளியேற்றிவிடும். நான் எடுத்த எடுப்பிலேயே இரண்டாவதை வைத்துவிட்டேன். கால்பந்து ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் திரை மூடியது, அவன் அழுதுவிட்டான். சேமிக்காத முன்னேற்றமும் போய்விட்டது. அந்த அழுகை நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஒரு மாதம் அறிவிப்பு மட்டும் என்று மாற்றி, அவன் எந்தக் கேமை எங்கே நிறுத்த முடியும் என்று கவனித்தேன். அப்புறம்தான் வெளியேற்றுவதைத் திரும்பக் கொண்டுவந்தேன். பள்ளி நாட்களில் ஒரு மணி நேரம், விடுமுறை நாட்களில் ஒன்றரை மணி நேரம். இதோடு எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை விளையாடலாம் என்றும் தனியாக வைக்கலாம். இரவு 8 மணிக்கு மேல் கிடையாது என்று வைத்தது எங்களுக்கு மிகவும் உதவியது. அந்தப் பக்கத்தில் நேர மண்டலம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், தவறாக இருந்தால் 8 மணி வேறெப்போதோ வரும்.

2025 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் ஃபேமிலி என்ற ஃபோன் ஆப் வந்தபிறகு வேலை குறைந்துவிட்டது. முன்பெல்லாம் இணையப் பக்கத்தில் லாகின் செய்து மாற்றிக்கொண்டிருந்தேன். இப்போது மகன் கூடுதல் நேரம் கேட்டால் என் ஃபோனுக்குக் கோரிக்கை வருகிறது. அங்கிருந்தே சம்மதிக்கலாம், மறுக்கலாம். கூட்டிக் கொடுப்பது அன்றைக்கு மட்டும்தான், மறுநாள் பழைய அளவுக்கே வந்துவிடுகிறது. போன வாரம் கோரிக்கை வந்த உடனே அழைத்து, “எத்தனை நிமிஷம் பாக்கி?” என்று கேட்டேன். “ஒரே ஒரு பாஸ் வில்லன்தான்மா, அவனுக்கு உயிரு கொஞ்சம்தான் இருக்கு” என்றான். பதினைந்து நிமிடம் கொடுத்தேன். அது தீர்வதற்குள் அவனே நிறுத்திவிட்டான்.